இருபது கட்டுகளில் பத்து லட்சம் உறுப்புகள்

ஜெர்மானியக் கணித ஆர்வலர் ஆகஸ்ட் கிரெல்லே 1826-இல் பெர்லினில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதில் லூயி ஒலிவியே என்பவர் முடிவில்லாத் தொடர்களுக்கு ஒரு விதியை முன்வைத்தார். தொடரின் n-ஆவது உறுப்பை n-ஆல் பெருக்குங்கள். n வளர வளர அந்தப் பெருக்குத்தொகை சுழியத்தை நெருங்கினால், கூட்டல் ஒரு குறிப்பிட்ட எண்ணில் அடங்கும். நெருங்காவிட்டால், கூட்டல் எந்த எல்லைக்கும் கட்டுப்படாமல் வளரும். இவ்வளவுதான் விதி. பார்த்தால் நியாயமாகவே தோன்றும். 1/n என்ற உறுப்புகளைக் கொண்ட தொடரில் அந்தப் பெருக்குத்தொகை எப்போதும் 1. அந்தத் தொடர் அடங்காது. 1/n² தொடரில் அது 1/n ஆகிச் சுழியத்தை நோக்கிப் போகிறது. அந்தத் தொடர் அடங்கும்.

1828-இல் அதே இதழில் நார்வே நாட்டு இளைஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் இந்த விதியை உடைத்தார். உடைக்க அவருக்கு ஒரே ஒரு தொடர் போதுமானதாக இருந்தது. அதன் உறுப்பு 1/(n log n). இதை n-ஆல் பெருக்கினால் 1/log n மிஞ்சும். மடக்கை மெதுவாக என்றாலும் வளர்ந்துகொண்டே இருப்பதால் இது சுழியத்தை நெருங்கும். ஒலிவியேயின் விதிப்படி தொடர் அடங்கியாக வேண்டும். ஆனால் அது அடங்குவதில்லை.

ஆபெல் இதை நிறுவிய வழி வேறு. அதே உண்மையை ஒரே வரியில் காட்டும் கருவி அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது. பாரிஸின் எகோல் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய அகஸ்டின் லூயி கோஷி, 1821-இல் வெளியிட்ட பகுப்பாய்வுப் பாடநூலில் அதைத் தந்திருந்தார். கணிதத்தில் கறாரான நிறுவலை விரும்பும் எவரும் படிக்க வேண்டிய நூல் என்று ஆபெலே அதைப் பாராட்டியிருக்கிறார். அந்தக் கருவியைக் கோஷியின் ஒடுக்கச் சோதனை என்கிறோம். அது பொதுவாகப் பல தொடர்களுக்குப் பயன்படும். ஆனால் 1/n-உடன் மடக்கையின் அடுக்கு சேர்ந்த தொடர்களில் அது குறிப்பாக நன்றாக வேலை செய்கிறது. ஆகவே இங்கே 1/(n (log n)^p) என்ற ஒரே குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். p என்பது நாம் விரும்பியபடி வைத்துக்கொள்ளும் எண். p எவ்வளவு இருந்தால் கூட்டல் அடங்கும் என்பதே கேள்வி.

கணினியில் கூட்டிப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். p = 1 என்று வைத்து, n = 2-இல் தொடங்கி, பத்து லட்சம் வரை கூட்டினால் ஏறக்குறைய 3.42 கிடைக்கும். நூறு கோடி வரை போனால் 3.83. லட்சம் கோடி வரை போனால் 4.11. அடுத்து p = 2. பத்து லட்சம் வரை 2.04, நூறு கோடி வரை 2.06. இரண்டு வரிசைகளும் நகர மறுக்கின்றன. இரண்டுமே ஏதோ ஓர் எண்ணில் நின்றுவிடப் போவதாகத்தான் தெரிகிறது. உண்மையில் இரண்டாவது நிற்கும், முதலாவது நிற்காது. ஒரு நொடிக்கு நூறு கோடி உறுப்புகளைக் கூட்டும் கணினியைப் பிரபஞ்சம் பிறந்த நாளில், அதாவது 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓடவிட்டிருந்தாலும் முதல் தொடரின் கூட்டல் இன்றைக்கு 5-ஐத் தொட்டிருக்காது, 4.91-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆயினும் அது ஒருநாள் 5-ஐத் தாண்டும், 10-ஐத் தாண்டும், ஆயிரத்தையும் தாண்டும். 10-ஐத் தாண்ட நீங்கள் n-ஐ எவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டும் தெரியுமா? 4,300-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வரை.

கல்லூரியில் முதலில் கற்றுத்தரும் விகிதச் சோதனையும் இங்கே கைவிட்டுவிடும். அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் விகிதம் 1-ஐ நெருங்குகிறது. P எதுவாக இருந்தாலும் 1-ஐத்தான் நெருங்குகிறது. விகிதம் 1 என்றால் அந்தச் சோதனைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கோஷி செய்தது உறுப்புகளைக் கட்டு கட்டாகப் பிரிப்பது. 2, 3 ஆகிய எண்களுக்கான உறுப்புகள் முதல் கட்டு. 4 முதல் 7 வரை இரண்டாவது. 8 முதல் 15 வரை மூன்றாவது. ஒவ்வொரு கட்டும் 2-இன் ஓர் அடுக்கில் தொடங்கி, அடுத்த அடுக்குக்கு ஓர் எண் முன்னால் முடிகிறது. k-ஆவது கட்டு 2^k-இல் தொடங்கும். அதில் 2^k உறுப்புகள் இருக்கும்.

இனி ஒரு நிபந்தனை வேண்டும். உறுப்புகள் எல்லாம் நேர்மமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பள்ளி மைதானத்தில் உயரத்தின் இறங்குவரிசையில் நிற்கும் மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவின் மொத்த உயரத்தை அளக்க ஒவ்வொருவரையும் அளக்க வேண்டியதில்லை. குழுவின் முதல் ஆளின் உயரத்தைத் தலைக்கணக்கால் பெருக்கினால் வரும் எண்ணைவிட மொத்தம் கூடாது. அடுத்த குழுவின் முதல் ஆளின் உயரத்தைத் தலைக்கணக்கால் பெருக்கினால் வரும் எண்ணைவிட மொத்தம் குறையாது. தொடரிலும் அப்படியே. k-ஆவது கட்டின் கூட்டல், 2^k × a(2^k) என்பதைத் தாண்டாது. 2^k × a(2^(k+1)) என்பதற்குக் கீழே போகாது. இங்கே a(n) என்பது n-ஆவது உறுப்பு.

இரண்டாவது எண்ணை உற்றுப் பாருங்கள். 2^k என்பது 2^(k+1)-இல் பாதி. ஆகவே அந்தக் கீழ் எல்லை, அடுத்த கட்டின் மேல் எல்லையில் சரிபாதி. அப்படியானால் கட்டுகளின் மேல் எல்லைகளை மட்டும் கூட்டி ஒரு புதுத் தொடர் செய்தால், பழைய தொடர் அந்தப் புதுத் தொடருக்கும் அதன் பாதிக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. புதுத் தொடர் அடங்கினால் பழையதும் அடங்கியாக வேண்டும். புதுத் தொடர் எல்லை கடந்தால், அதன் பாதியும் எல்லை கடக்கும், அதற்கு மேலே இருக்கும் பழைய தொடரும் எல்லை கடக்கும். நிறுவல் இத்துடன் முடிந்தது.

இந்த எண்ணத்தின் வேர் கோஷிக்கும் வெகு முன்னால் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் பிரான்ஸின் நிக்கோல் ஓரேம், 1/n தொடர் அடங்காது என்பதை இதே கட்டுகளால்தான் காட்டினார். ஒவ்வொரு கட்டும் குறைந்தது அரை தரும், அரைகளுக்கு முடிவில்லை. ஒரு தொடருக்கு மட்டும் உதவிய அந்த உத்தியை, இறங்கு வரிசையில் போகும் எல்லாத் தொடர்களுக்கும் பொருந்தும் தேற்றமாக்கியது கோஷியின் பங்கு.

இப்போது நம் குடும்பத்துக்கு வருவோம். மடக்கை என்றால் இங்கே இயல் மடக்கை. அதைப் பற்றி நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று: எண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மடக்கை ஏறக்குறைய 0.693 கூடும். 2-இன் மடக்கை 0.693, 4-இன் மடக்கை அதைப் போல் இரண்டு மடங்கு, 8-இன் மடக்கை மூன்று மடங்கு. 2^k-இன் மடக்கை k மடங்கு.

k-ஆவது கட்டின் மேல் எல்லை வேண்டும். கட்டின் முதல் உறுப்பு 1/(2^k × (0.693 k)^p). இதைக் கட்டிலுள்ள உறுப்புகளின் எண்ணிக்கையான 2^k-ஆல் பெருக்க வேண்டும். மேலே ஒரு 2^k, கீழே ஒரு 2^k. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது 1/(0.693 k)^p. அதில் 0.693^p என்பது மாறாத எண். கூட்டல் அடங்குமா என்ற கேள்வியில் அதற்குப் பங்கு இல்லை. ஆக, 1/(n (log n)^p) என்ற தொடரின் தலைவிதி, 1/k^p என்ற எளிய தொடரின் தலைவிதியேதான். மடக்கை காணாமல் போய்விட்டது.

1/k^p தொடரையும் தெரியாது என்று சொல்பவருக்கு அதே கருவியை இன்னொரு முறை கொடுக்கலாம். 1/k^p-ஐ ஒடுக்கினால் j-ஆவது கட்டின் மேல் எல்லை 2^j / 2^(jp). அதாவது 2^(1−p) என்ற எண்ணின் j-ஆவது அடுக்கு. இது பள்ளியில் படித்த பெருக்குத் தொடர். p ஒன்றைவிடப் பெரிதானால் பொது விகிதம் 1-ஐவிடச் சிறிது, தொடர் அடங்கும். p ஒன்றாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் அடங்காது. இரண்டு முறை ஒடுக்கியதும் நுண்கணிதத்தின் சிக்கலான கேள்வி பெருக்குத் தொடர் கேள்வியாகிவிடுகிறது. p > 1 என்றால் அடங்கும், இல்லையென்றால் அடங்காது. ஆபெலின் எடுத்துக்காட்டு p = 1; சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது.

கட்டுகளை எண்களாகவே பார்த்துவிடலாம். p = 1 எனில் முதல் கட்டில் இரண்டு உறுப்புகள்: 0.721, 0.303. கூட்டல் 1.025. ஒடுக்கம் சொல்லும் மேல் எல்லை 1.443, கீழ் எல்லை 0.361. இரண்டாம் கட்டில் 0.180, 0.124, 0.093, 0.073 என்று நான்கு உறுப்புகள். கூட்டல் 0.471, எல்லைகள் 0.721-உம் 0.240-உம். எல்லைகளுக்கு இடையில் இடைவெளி தாராளமாகத்தான் இருக்கிறது. கூட்டலின் மதிப்பைத் துல்லியமாகத் தருவது இந்தச் சோதனையின் வேலை அல்ல. p = 2 தொடருக்கு இது சொல்வது, கூட்டல் 1.71-க்கும் 3.43-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே. உண்மையான மதிப்பு 2.1097. ஆனால் அடங்குமா அடங்காதா என்ற கேள்விக்கு அந்த அகலமான இடைவெளியே போதும்.

கணினி ஏன் ஏமாந்தது என்பதும் இப்போது விளங்கும். பத்து லட்சம் என்பது ஏறக்குறைய 2^20. நாம் கூட்டிய பத்து லட்சம் உறுப்புகளும் சேர்ந்து வெறும் இருபது கட்டுகள்தாம். ஒடுக்கிய தொடரின் கண்ணுக்கு நாம் இருபது உறுப்புகளைத்தான் பார்த்திருக்கிறோம். நூறு கோடி வரை போனபோது, அதாவது ஆயிரம் மடங்கு அதிகம் உழைத்தபோது, பார்த்தது முப்பது. இருபது முப்பது உறுப்புகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு 1/k தொடர் அடங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. p = 2 தொடரின் நிலையும் அப்படியே. அது அடங்கும் தொடர்தான், ஆனால் N உறுப்புகளைக் கூட்டிய பிறகு மிச்சம் இருப்பது ஏறக்குறைய 1/log N. பத்து லட்சத்துக்குப் பிறகும் 0.072 மிச்சம். அந்த மிச்சத்தை 0.01-க்குக் கீழே கொண்டுவர 44 இலக்க எண் வரை கூட்ட வேண்டும். p = 1.1 என்று வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: தொடர் அடங்கும், ஆனால் பத்து லட்சம் உறுப்புகளுக்குப் பிறகும் 7.6-க்கு மேல் பாக்கி இருக்கும். கூட்டலின் பெரும்பகுதியை நாம் பார்க்கவே இல்லை.

இந்த வேகத்தைப் பகா எண்களிலும் காணலாம். n-ஆவது பகா எண்ணின் அளவு ஏறக்குறைய n log n. ஆகவே பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டும் 1/2 + 1/3 + 1/5 + 1/7 + … என்ற தொடர், ஆபெலின் தொடரைப் போலவே நடந்துகொள்கிறது. அது அடங்காது என்று லியோனார்ட் ஆய்லர் 1737-லேயே காட்டிவிட்டார். எனக்கு இந்த இரண்டு தொடர்களும் ஒரே நடையில் ஊர்ந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் வியப்பு குறைவதில்லை.

பிழை நேரும் இடங்களைச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அடிக்கடி சறுக்குவது அடுக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில். (log n)^2 வேறு, log(n^2) வேறு. பின்னது வெறும் 2 log n. எனவே 1/(n log(n^2)) என்பது ஆபெலின் தொடரில் பாதி, அது அடங்காது. அடைப்புக்குறி இடம் மாறியதில் விடை தலைகீழாகிவிடுகிறது. அடுத்து, தொடக்கம். 1-இன் மடக்கை சுழியம், சுழியத்தால் வகுக்க முடியாது; அதனால்தான் n = 2-இல் தொடங்குகிறோம், கட்டுகளும் k = 1-இல் தொடங்குகின்றன. முன்னால் சில உறுப்புகளை விட்டாலும் சேர்த்தாலும் முடிவு மாறாது.

இவற்றைவிட முக்கியமானது இறங்குவரிசை நிபந்தனை. அதை மறந்தால் சோதனை பொய்யான விடை தரும். 1/n தொடரை எடுத்து, 2, 4, 8, 16 என்று வரும் இடங்களில் மட்டும் உறுப்பைச் சுழியமாக்குங்கள். நீக்கிய உறுப்புகள் 1/2, 1/4, 1/8 … எல்லாம் சேர்ந்தாலும் 1-தான். அடங்காத தொடரிலிருந்து 1-ஐக் கழித்தால் மிச்சமும் அடங்காது. ஆனால் ஒடுக்கச் சோதனை பார்ப்பது அந்த இடங்களை மட்டுமே. அங்கே எல்லாம் சுழியம், ஆகவே தொடர் அடங்கும் என்று சொல்லிவிடும். தலைகீழாகவும் செய்யலாம்: அந்த இடங்களில் மட்டும் 1/n வைத்து, மற்ற எல்லா இடங்களிலும் சுழியம் போட்டால், தொடர் அடங்கும், ஒடுக்கியது 1 + 1 + 1 + … என்று ஓடும். கட்டின் முதல் ஆள் கட்டுக்குப் பிரதிநிதியாக இருக்க வேண்டுமானால் வரிசை கலையாமல் இருக்க வேண்டும்.

நம் குடும்பத்தில் p நேர்மமாக இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை; n கூடும்போது n-உம் log n-உம் கூடுகின்றன, அவற்றின் தலைகீழ் குறைகிறது. p எதிர்மமானால் கொஞ்சம் பார்க்க வேண்டும். p = −1 எனில் உறுப்பு (log n)/n. 2-இல் இது 0.347, 3-இல் 0.366, ஏறுகிறது. 3-க்குப் பிறகு இறங்கத் தொடங்கி, இறங்கியே போகிறது. இப்படிக் குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு இறங்கினால் போதும், சோதனை செல்லும். குறிகள் மாறி மாறி வரும் 1 − 1/2 + 1/3 − … போன்ற தொடர்களுக்கு மட்டும் இது அறவே உதவாது.

மடக்கைக்குள் மடக்கை வந்தாலும் ஒடுக்கம் தளர்வதில்லை. 1/(n log n log log n) என்ற தொடரை எடுத்துக்கொள்வோம்; log log n நேர்மமாக இருக்க n = 3-இல் தொடங்க வேண்டும். ஒடுக்கினால் 1/(0.693 k × log(0.693 k)) வரும். 0.693 k என்பது k-ஐவிடச் சிறியது; எனவே பகுதி சிறிது, உறுப்பு பெரிது. இது 1/(k log k)-ஐவிடப் பெரிய தொடர். ஆபெலின் தொடரே அடங்காதபோது அதைவிடப் பெரியது எப்படி அடங்கும்? ஒவ்வொரு ஒடுக்கத்துக்கும் ஒரு மடக்கை உதிர்கிறது. இந்தத் தொடரின் நடையைக் கேட்டால் நம்பவே முடியாது. பத்து லட்சத்திலிருந்து தொடங்கி, கூட்டலில் இன்னும் 1 சேர வேண்டுமானால் 547 இலக்க எண் வரை போக வேண்டும். அதற்கும் மேல் மூன்றாவது மடக்கையைச் சேர்த்தாலும் அடங்காது. நான்காவதைச் சேர்த்தாலும் அடங்காது. கடைசி மடக்கையின் அடுக்கை மட்டும் 1-ஐவிடத் துளி கூட்டினால் அடங்கிவிடும்.

ஆபெல் 1828-இல் இந்த எடுத்துக்காட்டோடு நிற்கவில்லை. ஒலிவியே n-ஆல் பெருக்கிப் பார்த்தது தவறு என்றால், n log n-ஆல் பெருக்கிப் பார்க்கலாமா, அல்லது இன்னும் நுட்பமான ஏதாவது ஒன்றால் பெருக்கினால் எல்லாத் தொடர்களுக்கும் பொருந்தும் விதி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்பதே அவர் நிறுவியது. அடங்காத தொடர் எதுவானாலும் எடுத்து, அதன் ஒவ்வொரு உறுப்பையும் அதற்கு முன் வந்த எல்லா உறுப்புகளின் கூட்டலால் வகுத்துவிடுங்கள். உறுப்புகள் முன்னைவிடச் சிறியவையாகிவிடும், ஆனால் புதுத் தொடரும் அடங்காது. 1/n-ஐ இப்படி வகுத்தால், அதன் கூட்டல் log n போல வளர்வதால், 1/(n log n) போன்ற தொடர் கிடைக்கிறது. அதையும் வகுத்தால், அதன் கூட்டல் log log n போல வளர்வதால், 1/(n log n log log n) வருகிறது. எந்த விதியை எவர் எழுதினாலும், அந்த விதியை ஏமாற்றும் அளவுக்கு மெதுவாக வளரும் அடங்காத் தொடர் ஒன்றை இந்த வழியில் செய்துவிடலாம். அடுத்த ஆண்டு ஏப்ரலில், 26 வயதில், ஆபெல் காலமானார்.